பழைய வினாத்தாளில் தவறுகளையும் எண்ணுங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள், பழைய வினாத்தாள்களில் எந்தத் தலைப்பு அதிகம் வருகிறது என்று மட்டும் எண்ணி, அதற்கே நேரம் முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையுடன் நம் தவறுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திறனறிவுப் பகுதியில் ஒரு தாளுக்கு 25 வினாக்கள். இப்போதைய பாடத்திட்டத்துக்குப் பொருந்தும் ஐந்து தாள்களை, நேரம் குறித்து, விடை பாராமல் எழுதுங்கள். சதவீதத்தில் 15 வினாக்கள் வந்து 3 தவறின, காலமும் வேலையும் பகுதியில் 10 வந்து 6 தவறின, மொத்தத் தவறுகள் 20 என்று வைத்துக்கொள்வோம். கையில் 40 மணி நேரம் இருந்தால் ஒரு தவறுக்கு இரண்டு மணி. ஆகவே குறைவாக வந்த காலமும் வேலையும் பகுதிக்கு 12 மணியும், அதிகமாக வந்த சதவீதத்துக்கு 6 மணியும் போகும்.

தவறிய கணக்கை மறுநாள் மீண்டும் போடுங்கள். உதவியின்றிச் சரியாக வந்தால் அது கவனப்பிழை, அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மணிகளைப் பங்கிடுங்கள். ஒரே தாளில் மட்டும் தலைகாட்டிய தலைப்புக்கு, எத்தனை தவறு இருந்தாலும், இரண்டு மணிக்கு மேல் நான் ஒதுக்கச் சொல்வதில்லை.