வட்டியில்லாத் தவணையில் பிரிஜ் வாங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் '12 மாதம், 0% வட்டி' என்ற அட்டை தொங்காத பிரிஜ் குறைவு. அந்த 0% உண்மையா என்று பார்க்க ஒரு கல்குலேட்டரும், கடைக்காரரிடம் கேட்க இரண்டு கேள்வியும் போதும்.

முதற்கேள்வி: "கைக்காசு தந்தால் கடைசி விலை என்ன?" தவணை, கடனட்டை என்று வாயே திறக்கமுதல் இதைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் தவணைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் பிறகு கழிவைப் பற்றி யாரும் கதைக்க மாட்டார்கள். இன்னொரு கடையிலும் அதே மொடல் இலக்கத்தைச் சொல்லி விலை கேளுங்கள்.

உதாரணத்துக்கு, ஒட்டியிருக்கும் விலை 240,000 ரூபாய், கைக்காசுக்கு 10 வீதம் கழிவு என்று வைப்போம். அப்படியென்றால் பிரிஜ்ஜின் உண்மையான விலை 216,000. தவணைக்காரருக்கு அந்தக் கழிவு கிடையாது. வட்டி பெரும்பாலும் ஒளிந்திருப்பது இங்கேதான்.

அடுத்த கேள்வி: "தவணைக்கு மாற்ற வங்கி என்ன கட்டணம் எடுக்கும்?" 3 வீதம் என்றால் 7,200 ரூபாய். அது முதல் பில்லிலேயே மொத்தமாக வருமா, மாதாமாதம் பிரிந்து வருமா என்றும் கேளுங்கள். மொத்தமாக முன்னுக்கே எடுத்தால் கணக்கு இப்படி வரும்: 216,000 ரூபாய்ப் பொருளுக்கு 7,200ஐ நீங்களே கையால் கட்டிவிட்டீர்கள், ஆகவே உங்களுக்குக் கிடைத்த கடன் 208,800தான். திருப்பிக் கட்டுவதோ மாதம் 20,000 படி 12 மாதம், 240,000. மேலதிகம் 31,200.

இதை 15 வீதம் என்று நினைத்துவிட வேண்டாம். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே போகிறது, முழுக் காசும் வருடம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை. சரியான வட்டியைப் பார்க்க எக்செலிலோ கூகிள் ஷீட்ஸிலோ இதை அடியுங்கள்:

```
=RATE(12,-20000,208800)*12
```

விடை ஏறத்தாழ 26.5 வீதம்! முதல் தவணையை வாங்கும் அன்றே எடுத்தால் இன்னும் கூடும்:

```
=RATE(12,-20000,208800,0,1)*12
```

இது 31.7 வீதத்துக்குக் கிட்ட வரும். இந்த எண்ணை உங்கள் நிலையான வைப்பு தரும் வட்டியோடு ஒப்பிடுங்கள். வைப்பு வட்டி இதைவிடக் குறைவென்றால், என் கணக்கில் வைப்பிலுள்ள காசை எடுத்துக் கட்டுவதே லாபம், ஆனால் முதிர்வுக்கு முன் உடைத்தால் எவ்வளவு வட்டி வெட்டுவார்கள் என்று பார்த்துவிட்டு.

கைக்காசுக்குக் கழிவே இல்லை என்று இரண்டு கடையும் சொன்னால் கதை வேறு. அப்போது செலவு அந்த 7,200 மட்டுமே, வருட வட்டி ஐந்தரை வீதத்துக்குச் சற்று மேல். கட்டணமும் இல்லையென்றால் அது நிஜமான 0%, தயங்காமல் எடுக்கலாம்.

கையெழுத்து வைக்குமுன் ஒரு தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்ற வரியைத் தேடி வாசியுங்கள். சில திட்டங்களில் சலுகையே ரத்தாகி, மிச்சம் முழுவதும் கடனட்டையின் வழமையான வட்டிக்கு மாறிவிடும்.