போட்டோவில் வந்த தடுப்பூசி அட்டையைப் படித்து, விடுபட்ட தவணையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அக்கா தன் பையனின் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "எல்லாம் போட்டாச்சான்னு பாரு" என்றாள். ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு "எல்லாம் போட்டாச்சு" என்று பதில் அனுப்பினேன். தப்பு. எங்கே கோட்டை விட்டேன் என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

1. போட்டோ

அட்டையை முழுக்க விரித்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். மடிப்பில் ஒரு வரிசையே மறைந்துபோகும். ஸ்கேன் செய்யும் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது பென்சில் எழுத்தை அழித்துவிடும், அல்லது பேனா எழுத்தைப் போலவே காட்டிவிடும். இங்கே அந்த வித்தியாசம்தான் முக்கியம். சாதாரண கலர் போட்டோ போதும்.

2. போட்ட தேதியா, வரச்சொன்ன தேதியா?

நான் விழுந்த குழி இதுதான். பல அட்டைகளில் ஊசி போட்ட தேதிக்கும் அடுத்து வரவேண்டிய தேதிக்கும் பக்கத்துப் பக்கத்தில் கட்டம் இருக்கும். கட்டமே இல்லாவிட்டால், அடுத்த தவணைக்கான இடத்தில் நர்ஸ் பென்சிலால் ஒரு தேதியைக் குறித்து அனுப்புவார். பார்க்கிறவருக்கு அது போட்டுவிட்ட ஊசியாகத் தெரியும்.

தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதன் பக்கத்தில் கையெழுத்தோ பேட்ச் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில் கூடப் போட்டிருக்க வேண்டிய மற்ற மருந்துகளையும் பாருங்கள். ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியான பெண்டாவேலன்டின் மூன்றாவது தவணையில் தேதி இருந்து, அதோடு கொடுக்க வேண்டிய போலியோ சொட்டுக் கட்டம் காலியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

3. இடைவெளியைக் கணக்கிடுங்கள்

எந்த வயதில் என்ன ஊசி என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் அட்டையில் அச்சிட்ட அட்டவணையையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டையில் பெண்டாவேலன்ட் 6, 10, 14 வாரத்தில். பையன் பிறந்தது 12-03-2024. விரிதாளில் B1 கட்டத்தில் பிறந்த தேதியை =DATE(2024,3,12) என்று இட்டால்:

```
=B1+42
=DATE(2024,6,5)-DATE(2024,4,24)
```

முதல் வரி 6 வாரம் முடியும் நாளைத் தரும், அதாவது ஏப்ரல் 23. இரண்டாவது வரி முதல் இரண்டு தவணைகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று சொல்லும். தேதியை ஏன் இப்படி நீட்டி எழுதுகிறேன்? 05/06/24 என்று தட்டினேன். மாதத்தை முதலில் வைக்கும் அமைப்பில் இருந்த என் விரிதாள் அதை மே 6 ஆக்கிவிட்டது. 24/04/24 தேதியாகவே மாறாமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொண்டது. முதல் ஊசிக்கு 12 நாளிலேயே இரண்டாவதா என்று பதறிப்போனேன்.

இப்போது அட்டை. முதல் தவணை ஏப்ரல் 24, சரியான நேரம். இரண்டாவது ஜூன் 5, அதாவது 42 நாள் இடைவெளி. குறைந்தபட்சம் 28 நாள் விட வேண்டும். இங்கே 14 நாள் கூடுதல். தாமதம்தான், ஆனால் செல்லும். தாமதமானால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாள் தள்ளிப் போடுவதைவிட, 28 நாளுக்கு முன்பே போடுவதுதான் பிரச்சினை. அப்படிப்பட்ட தவணையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது? அச்சிட்ட கணக்குப்படி 14 வாரம் ஜூன் 18. ஆனால் இரண்டாவது தள்ளிப்போனதால் இதுவும் ஜூலை 3-க்குத் தள்ளிப்போகும். கட்டத்திலும் 03/07/24 என்றே இருந்தது. சரியாக 28-ஆவது நாள்! அந்தக் கச்சிதம்தான் என்னை ஏமாற்றியது. பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் நிறம். பக்கத்தில் கையெழுத்து இல்லை, போலியோ கட்டமும் காலி. வரச்சொன்ன நாள் அது, போட்ட நாள் அல்ல. டிசம்பர் 16-இல் தட்டம்மை ஊசிக்குப் போயிருக்கிறார்கள். அன்றைக்கும் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

பின்சேர்க்கை

ஹெபடைடிஸ் பி வரிசை காலியாக இருக்கிறதே, விடுபட்டதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பெண்டாவேலன்டிலேயே அது அடக்கம்: தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் என ஐந்தும் ஒரே ஊசியில். பழைய அட்டையில் தனித்தனி வரிசை இருந்தால் அவை காலியாகவே கிடக்கும். பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி மட்டும் தனி; அதைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று: கட்டம் காலி என்பதாலேயே ஊசி போடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எழுத மறந்திருக்கலாம். ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடச் சொல்லுங்கள். விடுபட்டது ரோட்டா சொட்டு என்றால் தள்ளிப்போடாமல் கேளுங்கள். பல அட்டவணைகளில் அதற்கு வயது வரம்பு உண்டு.

அக்கா பதிவேட்டைப் பார்க்கச் சொன்னாள். ஜூலை 3-இல் பையன் பெயரே இல்லை. மூன்றாவது ஊசியையும் சொட்டு மருந்தையும் பதிவேட்டைப் பார்த்த அன்றைக்கே கொடுத்துவிட்டு, பென்சில் தேதியை அழித்துப் பேனாவால் புதுத் தேதி எழுதி, கையெழுத்தும் போட்டுத் தந்தார்கள்.