பார்சல் தாமதமானால் பதிலில் செய்யக்கூடாத தவறுகள்: ஒரு கல்யாணப் பாய் கற்றுக்கொடுத்தது

திருநெல்வேலியில் பத்தமடைப் பாய் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் சின்னக் கடை ஒன்றில் வாட்ஸ்அப் பார்ப்பது என் வேலை. மாப்பிள்ளை, பொண்ணு பேரும் கல்யாணத் தேதியும் வைத்து நெய்த கோரைப் பாய்தான் அதிகம் போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சேலை தாமதமானால் வேறு சேலை கட்டிக்கொள்ளலாம், பேர் நெய்த பாயை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது, கல்யாணம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அதற்கு அர்த்தமும் பாதிதான்.

கோயம்புத்தூர் அம்மா ஒருவர் நவம்பர் 14 கல்யாணத்துக்காக ஆர்டர் கொடுத்திருந்தார். 3ஆம் தேதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தோம். ஐப்பசி மழையில் சாயம் ஏற்றிய கோரை காயவே இல்லை, நெசவு இழுத்துக்கொண்டு போனது. 4ஆம் தேதி நான் கூரியர் தளத்தில் விவரங்களைப் பதிந்து, லேபிளும் எடுத்துவிட்டு, "அனுப்பியாச்சு மேடம்" என்று டிராக்கிங் எண்ணோடு போட்டுவிட்டேன். பாய் கடைக்கு வந்து கூரியர் பையன் கையில் ஏறியது 7ஆம் தேதி மாலை. 11ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் எழுதினார்: "4ஆம் தேதி அனுப்பிட்டோம்னு சொன்னீங்க. இன்னும் வரலை. பாய் எங்கே?"

நான் முதலில் எழுதி வைத்த பதில் இது. நல்லவேளை அனுப்பவில்லை.

"வணக்கம் மேடம். நாங்கள் சரியான நேரத்தில் அனுப்பிவிட்டோம், ஆனால் கூரியரில் தாமதம் ஏற்பட்டுவிட்டது. உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். நாளைக்குள் கண்டிப்பாக வந்துவிடும்."

பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு வரியில் ஒன்றுகூட நிற்காது.

முதல் வரியே பொய். நாம் லேபிள் எடுத்த அன்றைக்கு டிராக்கிங்கில் வருவது பெரும்பாலும் Manifested மாதிரி ஒரு சொல், அதாவது விவரம் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். பார்சல் கூரியர் கைக்குப் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கையில் வாங்கி ஸ்கேன் செய்த தேதி அதற்குக் கீழே தனியாக வரும், அந்தத் தேதியை அந்த அம்மாவும் தன் போனில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். தாமதப் புகாருக்குப் பதில் எழுத உட்காரும்போது முதலில் செய்ய வேண்டியது இந்தக் கணக்கை எடுப்பதுதான்: நாம் சொன்ன தேதி, கூரியர் வாங்கிய தேதி, கடைசி ஸ்கேன் எங்கே, எப்போது. எங்கள் கணக்கில் 3லிருந்து 7 வரை நாலு நாள் எங்கள் மேல். அதற்கப்புறம் 8ஆம் தேதி இரவு மதுரையில் ஒரு ஸ்கேன், பிறகு மூன்று நாளாக In Transit என்று அசையாமல் நிற்கிறது. அது கூரியர் மேல். இந்த இரண்டையும் பிரிக்காமல் எழுதப்படும் எந்த மன்னிப்பும் ஒன்று மழுப்பலாக இருக்கும், இல்லை தேவையில்லாமல் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்வதாக இருக்கும்.

அப்புறம் அந்த "ஏற்பட்டுவிட்டது". தமிழில் இது ரொம்ப வசதியான சொல், யார் செய்தார்கள் என்று சொல்லாமலேயே வாக்கியத்தை முடித்துவிடலாம். பள்ளம் தோண்டிப்போட்ட இடத்தில் வைக்கும் போர்டுக்கு அது சரி. நம் நாலு நாளுக்கு "நாங்கள் நாலு நாள் தாமதமாகத்தான் அனுப்பினோம்" என்றே எழுத வேண்டும். "சிரமம் ஏற்பட்டிருந்தால்" இன்னும் மோசம். மூன்று நாளில் கல்யாணம் வைத்திருப்பவரிடம் போய் "இருந்தால்" என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? மன்னிப்புக்கும் காரணத்துக்கும் நடுவே வரும் "ஆனால்" இன்னொன்று. "மன்னிக்கவும், ஆனால் மழை" என்றால் மன்னிப்பு கேட்டதே மழையைச் சொல்லத்தான் என்று ஆகிவிடும். மன்னிப்பை ஒரு வாக்கியமாக முடித்துப் புள்ளி வைத்துவிட்டு, காரணத்தை அடுத்த வாக்கியத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

காரணத்தைப் பற்றியும் ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நம் பக்கம் ரோடும் ரயிலும் துண்டிக்கப்பட்டபோது "வெள்ளம்" என்று ஒரு சொல் எழுதினாலே போதும், ஊர் உலகத்துக்கே தெரியும். அதையே பொங்கல் வரைக்கும் இழுத்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலும் இதே வேறுபாடு இருக்கிறது: விற்பனைத் தளம் வழியாக விற்பவர், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக்கூடாது, யார் கையிலும் இல்லாத பேரிடர் மாதிரி காரணத்துக்கு மட்டும்தான் விலக்கு. கோரை காயாதது எங்கள் தொழிலில் வருஷா வருஷம் வருவது, அதைப் பேரிடர் கணக்கில் சேர்க்க முடியாது.

கடைசியாக "நாளைக்குள் கண்டிப்பாக". கூரியர் வண்டி என் கையிலா இருக்கிறது? திரையில் காட்டும் தேதியும் ஒரு மதிப்பீடுதான், வண்டி தவறினால் அதுவும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். என்னால் உறுதி சொல்ல முடிவது நான் செய்யப்போகிற வேலையை மட்டும்தான்.

அன்று ராத்திரி ஒரே வரி அனுப்பினேன்: "பார்த்துவிட்டேன் மேடம், காலையில் கூரியர் மையத்தில் நேரில் கேட்டு 10:30க்குள் சொல்கிறேன்." காலையில் போய்க் கேட்டால், மதுரையில் வேறு ஊர்ப் பையோடு சேர்ந்து போயிருக்கலாம், தேடுகிறோம், 14க்குள் சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். 10:20க்கு எழுதியது இது:

"மேடம், 4ஆம் தேதி அனுப்பிவிட்டோம் என்று நான் சொன்னது தவறு. அன்று பதிவு மட்டும்தான் செய்தேன், பார்சல் போனது 7ஆம் தேதி. அந்த நாலு நாள் தாமதம் எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். மழையில் கோரை காயவில்லை, அதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பார்சல் கடைசியாக 8ஆம் தேதி இரவு மதுரையில் ஸ்கேன் ஆகியிருக்கிறது. கூரியரில் தேடுகிறார்கள், 14க்குள் வரும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கடையில் பேர் இல்லாத பட்டுப் பாய் ஒன்று இருக்கிறது. இன்று இரவு பஸ்ஸில் போட்டால் நாளை காலை கோயம்புத்தூரில் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனியாகப் பணம் வேண்டாம். அது வேண்டாம் என்றால் முழுப் பணமும் இன்றே திருப்பி அனுப்புகிறேன். எது என்று மாலை 4 மணிக்குள் சொன்னால் பஸ்ஸுக்குக் கட்ட நேரம் இருக்கும்."

இதில் "அக்கா, கோபப்படாதீங்க" என்று ஆரம்பிக்கச் சொன்னார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். ஆர்டர் எடுத்த நாளிலிருந்து மேடம் என்று கூப்பிட்டுவிட்டுப் புகார் வந்ததும் அக்கா என்றால், சொந்தம் கொண்டாடி வாயை அடைக்கப் பார்ப்பதாகத்தான் தெரியும். கோபம் அவர் உரிமை.

அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் "பஸ்ஸில் போடுங்க" என்று மட்டும் வந்தது. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இரவு ஏற்றிவிட்டு, பார்சல் ரசீதைப் படமெடுத்து, வண்டி எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். பேர் நெய்த பாய் 16ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. அதை அவர் வைத்துக்கொண்டார், பாதிப் பணத்தைத் திருப்பினோம், நன்றி என்றெல்லாம் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது எங்கள் கடையில் லேபிள் எடுத்தால் "பதிவு செய்துவிட்டோம்" என்று மட்டும்தான் போடுவோம். "அனுப்பியாச்சு" போவது கூரியர் பையன் வாசலில் நின்று ஸ்கேன் செய்த பிறகு.