இருபது லிட்டர் கேனில் சாண எரிவாயு: முதல் வாயு ஏன் எரிவதில்லை?

சாணத்தைக் கரைத்து மூடி வைத்தால் மூன்றாம் நாளே வாயு வரும். ஆசையாகப் பற்றவைத்துப் பார்த்தால் எரியாது. பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும்.

மாட்டின் அசைவயிற்றில், எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் மீத்தேனாக்கிகள் என்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பார்க்க பாக்டீரியா போல இருந்தாலும் இவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவற்றின் ஆர்.என்.ஏ-வை ஒப்பிட்டுத்தான் அந்த வேறுபாட்டைக் கண்டறிந்தார்கள். சாணத்தோடு இவையும் வெளியே வருவதால், நாம் தனியாக எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஆக்சிஜன் பட்டால் இவற்றின் வேலை நின்றுவிடும். காற்றுப் புகாத கலன் வேண்டும் என்பது இதனால்தான்.

படி 1: கரைசல். 8 கிலோ புதுச் சாணத்தை 8 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்தவும். காய்ந்த சாணம் வேண்டாம். ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் சாணமும் வேண்டாம்.

படி 2: கேன். கரைசலை 20 லிட்டர் கேனில் ஊற்றினால் மேலே சுமார் 4 லிட்டர் இடம் மிஞ்சும். மூடியில் ஒரு குழாய் பொருத்தி, மறுமுனையை ஒரு டயர் டியூபில் இணைக்கவும். டியூபில் இருக்கும் காற்றை முன்பே அழுத்தி வெளியேற்றிவிட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். டியூபுக்குப் போகும் வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள், அடைத்தால் அழுத்தம் ஏறிக் கேன் வெடிக்கலாம்.

படி 3: காத்திருப்பு. இங்கேதான் எல்லாம் நடக்கிறது. முதலில் சில பாக்டீரியாக்கள் உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் வேறு பாக்டீரியாக்கள் சாணத்தின் நாரையும் மாவுப்பொருளையும் உடைத்து அமிலங்களாகவும், ஹைட்ரஜனாகவும், கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். அவை வேகமாகப் பெருகுபவை. மீத்தேனாக்கிகளோ இரட்டிப்பாகவே பல நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் வாரத்தில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான், அது எரியாது. மீத்தேனாக்கிகள் போதுமான அளவு பெருகியதும் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் தின்னத் தொடங்கும்:

```
CH3COOH → CH4 + CO2
CO2 + 4H2 → CH4 + 2H2O
```

சாணக் கலனில் பெரும்பங்கு மீத்தேன் முதல் வழியில்தான் வருகிறது. கேனை 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வைத்தால் மூன்று, நான்கு வாரங்களில் எரியும் வாயு கிடைக்கும். குளிர்ந்த இடத்தில் இது மிக மெதுவாகும்.

படி 4: சோதனை. முதல் இரண்டு முறை டியூப் நிறைந்தால் எரிக்காமல் திறந்த வெளியில் வெளியேற்றிவிடுங்கள். அதில் கேனில் இருந்த காற்றும் கலந்திருக்கலாம், காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் அது வெடிக்கும் கலவை. அதன் பிறகு டியூபைக் கேனிலிருந்து கழற்றித் தள்ளி எடுத்துப் போய், வாயுவை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் குமிழியாகச் செலுத்தி, மறுபக்கம் வரும் உலோகக் குழாயின் நுனியில் தீக்குச்சி காட்டவும். நீலச் சுடர் நின்று எரிந்தால் மீத்தேன் பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று கொள்ளலாம். கேனோடு இணைந்திருக்கும் குழாயில் நேராகப் பற்றவைக்க வேண்டாம்.

எவ்வளவு வாயு கிடைக்கும்? ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 35 முதல் 40 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். நம் 8 கிலோவுக்கு மொத்தம் 300 லிட்டர் அளவில் வரும். 40 நாட்களில் பரவினால் நாளுக்கு ஏழெட்டு லிட்டர், ஆனால் நடுவில் ஏறிக் கடைசியில் இறங்கும்.

கெட்டுப்போனால். என் இரண்டாவது கேன் நன்றாக எரிந்துகொண்டிருந்தபோது, கூடுதல் வாயுவுக்கு ஆசைப்பட்டு 2 கிலோ சமையலறைக் கழிவை ஒரே தடவையில் போட்டேன். அன்று மாலையே டியூப் புடைத்தது, மறுநாள் சுடர் அணைந்துபோனது. புளித்த வாடை, பி.எச் தாளில் 5.5. அமிலம் உண்டாகும் வேகத்துக்கு மீத்தேனாக்கிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, 6.5-க்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். வாயு நிறைய வந்தும் எரியவில்லை என்றால் முதலில் பி.எச் பாருங்கள்.

நான் எதையும் போடுவதை நிறுத்தினேன். நான்கு லிட்டர் கரைசலை எடுத்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கேனிலிருந்து அதே அளவு ஊற்றினேன். பத்து நாளில் பி.எச் 7-ஐ நெருங்கியது, சுடரும் திரும்பியது. இப்போது நாளுக்கு 200 கிராம் சாணம், 200 மில்லி தண்ணீர் மட்டும் சேர்க்கிறேன், அதே அளவு பழைய கரைசலை வெளியே எடுத்துவிடுகிறேன். இந்தக் கணக்கில் உள்ளே போவது சராசரியாக 40 நாள் தங்கும், மீத்தேனாக்கிகள் வெளியேறும் வேகத்தைவிடப் பெருகும் வேகம் கூடுதலாக இருக்கும்.