ஆபீஸ் மெயிலில் தொடங்கிய கணக்குகள்: வேலையை விடும் முன் செய்யும் தவறுகள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கிட்ஹப் ஐடி கேட்டால், பாதிப் பேர் கல்லூரி மெயிலில் தொடங்கியதைத்தான் தருகிறார்கள். நானும் அப்படித்தான், என்னுடையதை முதல் ஆபீஸ் மெயிலில் தொடங்கியிருந்தேன். பாஸ்வேர்டை மறப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதை விடுகிறேன்.

"பாஸ்வேர்ட்தான் ஞாபகம் இருக்கே!"

இந்த நம்பிக்கைதான் என் நான்கு வருடக் கணக்கைக் காவு வாங்கியது. முதல் வேலையை விட்டபோது வெள்ளிக்கிழமை லேப்டாப்பை ஒப்படைத்தேன். திங்கட்கிழமை புது லேப்டாப்பில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டேன். மெயிலுக்கு ஒரு கோட் அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது. டூ-ஃபேக்டர் போடாத கணக்கில், அறிமுகமில்லாத கருவியிலிருந்து நுழைந்தால் கிட்ஹப் இப்படிக் கேட்கும். கோட் போனது பழைய ஆபீஸ் மெயிலுக்கு, அது வெள்ளிக்கிழமை மாலையே மூடப்பட்டிருந்தது. ஐ.டி. பிரிவில் கெஞ்சிப் பார்த்தேன், திறந்து தர மறுத்துவிட்டார்கள். இன்றுவரை அந்தக் கணக்கு என் கைக்கு வரவில்லை. நினைத்தால் இன்னமும் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் அதைத் தடுக்க ஐந்து நிமிடம் போதும்.

Settings-இல் Emails பக்கத்துக்குப் போய்ச் சொந்த மெயிலைச் சேர்த்து, அதற்கு வரும் லிங்க்கை அழுத்தி உறுதிசெய்து, அதையே Primary ஆக்குங்கள். பிறகு டூ-ஃபேக்டர் போட்டு, அது தரும் recovery codes-ஐ ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

ஆபீஸ் மெயில் மூடப்பட்ட பிறகு விழித்துக்கொண்டால், வேறு எந்தக் கருவியிலாவது இன்னும் லாகின் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன வருடம் டீமில் ஒரு தம்பி மாட்டிக்கொண்டான். அவன் வீட்டு டெஸ்க்டாப் பிரவுசரில் கணக்கு திறந்தே கிடந்தது. "லாக் அவுட் மட்டும் பண்ணிடாதேப்பா" என்று போனில் சொல்லிக்கொண்டே, அங்கிருந்தே மெயிலை மாற்றவைத்தேன்.

கல்லூரி மெயிலில் 'Sign in with Google'

இதில் தனிப் பாஸ்வேர்டே இருக்காது. கல்லூரி அந்தக் கூகுள் கணக்கை நீக்கினால் நுழைகிற வழியே அடைபடும். 'Forgot password' அழுத்தினாலும் மெயில் அங்கேதான் போகும். பல தளங்கள் மெயிலை மாற்றப் பழைய மெயிலிலும் ஒப்புதல் கேட்கும். அதனால் அது உயிரோடு இருக்கும்போதே சொந்த மெயிலுக்கு மாற்றி, பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள்.

பேங்க், மியூச்சுவல் ஃபண்டு, வருமான வரி

சொந்த மெயில். பேச்சே கிடையாது.

"ஃபார்வர்ட் போட்டிருக்கேன்"

ஆபீஸ் மெயில் கணக்கை நீக்கினால், அதிலிருந்து சொந்த மெயிலுக்குப் போட்ட ஃபார்வர்டும் சேர்ந்தே போகும்.

ஆபீஸ் மெயிலை எதிலெல்லாம் கொடுத்தோம் என்று பார்க்காமல் கிளம்புவது

கடைசி வாரத்தில் இன்பாக்ஸில் verify, welcome, receipt என்று தேடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் பட்டியலில் ஆபீஸ் டொமைன் பெயரைப் போட்டும் தேடுங்கள். நான் இரண்டாவது வேலையை விட்டபோது இப்படித் தேடியதில் பதினேழு கணக்குகள் சிக்கின. அதில் ஒன்று, என் சொந்த வெப்சைட்டின் டொமைனை வாங்கிய கணக்கு.