பில்லில் ஒரு தள்ளுபடி, ரிப்போர்ட்டில் இரண்டு

கும்பகோணம் பக்கம் விவசாயப் பொருள் மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்கு, எந்தப் பொருள் எந்த மாதம் எந்த ஊர்ப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு டேபிள் போட்டுக் கொடுத்தேன். பழைய ரிப்போர்ட்டில் மொத்தம் எப்போதும் பில் தொகையைவிடக் குறைவாகவே வரும். தள்ளுபடி பில்லின் தலைப்பில் ஒரு தடவைதான் இருக்கிறது, ஆனால் பொருள் வரிகளோடு ஜாயின் செய்ததும் ஒவ்வொரு வரியிலும் முழுசாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நெல் விதை 6,000, ஸ்பிரேயர் 4,000, தள்ளுபடி 500 என்றால் இரண்டு வரியிலும் 500 கழிந்து, 9,500 வரவேண்டிய இடத்தில் 9,000 நிற்கும். ஒரே பொருள் உள்ள பில்லில் கணக்கு சரியாக இருப்பதால் லேசில் கண்ணில் படாது.

புது டேபிளில் ஒரு பில்லின் ஒரு பொருளுக்கு ஒரு வரி, தள்ளுபடி விகிதப்படி:

```sql
ROUND(b.discount * l.amount / b.subtotal, 2)
```

இப்போது விதைக்கு 300, ஸ்பிரேயருக்கு 200. ரவுண்ட் செய்ததில் வரும் பைசா வித்தியாசத்தை அந்த பில்லின் பெரிய வரியில் சரிக்கட்டினேன்.

வட்டாரத்துக்கு மாவட்டம் மட்டும் போதாது. சீர்காழி 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டம், அப்புறம் மயிலாடுதுறை. அதனால் தாலுகாவையும் வரியிலேயே எழுதி வைத்தேன், எந்த வருஷத்தோடும் ஒப்பிடலாம்.

தினமும் ராத்திரி டேபிள் நிரம்பியதும் பில் வாரியாகக் கூட்டித் தலைப்புத் தொகையோடு ஒப்பிடுகிறேன், ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் அந்த பில் நம்பர் தனியாக வந்துவிடும்.