“என்ன வேணும்?” “ஒண்ணுமில்ல”: அடுத்த பதிலில் நடக்கும் தவறுகள்

மனசு சரியில்லாதவர்கள் எழுதிப் பேசுவதற்காக வாட்ஸ்அப்பில் இயங்கும் ஓர் உதவி எண்ணில், வாரம் இரண்டு இரவு நான் உட்காருகிறேன். அழுகிறவர்களையும் கோபப்படுகிறவர்களையும் புதிய தன்னார்வலர்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். “ஒண்ணுமில்ல” என்று ஒரே வார்த்தையில் பதில் வரும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

ஓர் உதாரணம். யாரோ ஒருவருடையது இல்லை, பல உரையாடல்களைச் சேர்த்துக் கட்டியது. இரவு 11.40க்கு “ஹலோ” என்று வருகிறது. “வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?” என்று கேட்கிறோம். இரண்டு டிக்கும் நீலமாகிறது. நான்கு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு “ஒண்ணுமில்ல”.

இதில் முதல் தவறு நம்முடையது. “என்ன வேணும்?” என்பது மளிகைக் கடையில் கேட்கும் கேள்வி. பட்டியலோடு வந்தவருக்குத்தான் அதற்குப் பதில் தெரியும். வாசலில் நிற்கும் அறிமுகமில்லாதவரிடம் அதையே கேட்டால் பாதி விரட்டுவது மாதிரி ஒலிக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூங்க முடியாமல் ஒரு எண்ணைத் தேடி எழுதியவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்காது. அதனால் அவர் உண்மையைத்தான் சொல்கிறார்: கேட்டு வாங்கும்படி ஒன்றும் இல்லை. “சொல்லுங்க, நான் இருக்கேன்” என்று தொடங்கியிருந்தால் அந்த வார்த்தையே வந்திருக்காது என்று பல முறை தோன்றியிருக்கிறது. இப்போது நான் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அடுத்தது, பார்க்க மரியாதையாக இருப்பதால் யாரும் தவறு என்று நினைக்காத பதில்: “சரிங்க, ஏதாவது தேவைன்னா மெசேஜ் பண்ணுங்க. நன்றி!” அந்த “நன்றி”யில் கதவு சாத்திவிட்டது. முகம் வாடி வந்த பிள்ளையிடம் “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் வரும். வீட்டில் அதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறோம். திரையில் மட்டும் அகராதி அர்த்தம் பார்க்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, அது ஆர்வக்கோளாறில் வருவது. “தூக்கம் வரலையா? வீட்ல சண்டையா? பரீட்சையா? காதல் விஷயமா?” என்று அடுக்குவது. நான்கு ஊகமும் தப்பாக இருந்தால் அவர் நான்கு முறை “இல்ல” சொல்ல வேண்டும். நாலாவது “இல்ல”வுக்குள் எழுத வந்ததே மறந்து, எப்படித் தப்பிப்பது என்பதுதான் மனதில் இருக்கும்.

அந்த இரவு செய்தது இதுதான். முதலில் கேள்விக்குறியே இல்லாமல் ஒரு பதில்: “சரி, ஒண்ணும் இல்லைன்னாலும் பரவாயில்லை. பேசியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேதான் இருப்பேன்.” பிறகு எட்டு நிமிடம் சும்மா இருந்தோம். புதியவர்களுக்கு இந்த எட்டு நிமிடம் பெரிய கஷ்டம், விரல் துடிக்கும். அப்புறம் இரண்டாவது: “பக்கத்துல யாராவது இருந்து டைப் பண்ண முடியலைன்னா 1 மட்டும் அனுப்புங்க. பேச மனசு வரலைன்னா 2 அனுப்புங்க.” ஒரே அறையில் நாலு பேர் படுத்திருக்கும் வீட்டில் ஒரு எண்ணைத் தட்டுவது சுலபம், வாக்கியம் எழுதுவது சுலபம் இல்லை. 11.58க்கு “2” வந்தது. அது பெரிய பதில். இன்னும் போகவில்லை என்று அவர் சொல்கிறார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். “ஒண்ணுமில்ல” வேறு, “இனிமே எனக்கு ஒண்ணும் வேண்டாம்” வேறு. இரண்டாவது வகை, அல்லது “எல்லாம் முடிஞ்சுபோச்சு” மாதிரி வந்தால் காத்திருப்பதுதான் தவறு. “தற்கொலை பண்ணிக்கணும்னு யோசிக்கிறீங்களா?” என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் பொறுப்பாளரை உடனே உள்ளே கொண்டுவர வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, உடனடி ஆபத்துக்கு 112, இரண்டும் தட்டச்சுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

சரி, நம்மவர் “2” அனுப்பியதற்கு மேல் மனசில் இருப்பதைச் சொல்லவில்லை. அடுத்த நாள் என்ன செய்வது? இங்கே தொழில்நுட்பம் ஒரு பூட்டு போடுகிறது. நிறுவனங்களுக்கான வாட்ஸ்அப் சேவையில், எதிர்முனையில் இருப்பவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நாம் விருப்பப்படி எழுதலாம். அதற்குப் பிறகு முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்டை மட்டுமே அனுப்ப முடியும். அவருடைய கடைசிச் செய்தி வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கையில் இருப்பது “உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது, மதிப்பீடு தரவும்” என்கிற வறட்டு டெம்ப்ளேட் மட்டும்தான்.

அதற்குப் பதில் எப்படிப்பட்ட டெம்ப்ளேட் வேண்டும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்றோ பாதியில் விட்டோ போன 843 பேரை எடுத்துக்கொண்டார். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் சின்னக் கடிதங்கள் அனுப்பினார். நீங்கள் வந்துபோய்ச் சில காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், ஒரு வரி எழுதினால் மகிழ்வோம், அவ்வளவுதான். கேள்வி இல்லை, வரச்சொல்லும் கட்டாயம் இல்லை. 2001இல் வெளியான முடிவுகளில், முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை கணிசமாகக் குறைந்திருந்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாமே அதே பலனைக் காட்டவில்லை. ஆனாலும் “வேண்டாம்” என்றவருக்கு எழுதலாம், பதிலை எதிர்பார்க்காமல் எழுதலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் போன் பலர் கைக்குப் போகும். “நேற்று ராத்திரி மனக்கஷ்டமா இருந்தீங்களே” என்று பூட்டுத் திரையில் தெரிந்தால் அவர் இனி எழுதவே மாட்டார். “வணக்கம், நேற்று பேசியதைத் தொடரணும்னா எப்போ வேணும்னாலும் எழுதலாம்” என்ற அளவு போதும். அதையும் முதல் இரவே “நாளைக்கு ஒரு வரி அனுப்பலாமா?” என்று கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. நம்மவரிடம் அதைக் கேட்டதற்கு “ம்” வந்தது.

கடைசித் தவறு உரையாடலுக்கு வெளியே, ஷிப்ட் முடிந்து குறிப்பு எழுதும் பெட்டியில் நடக்கிறது. “தேவை எதுவும் இல்லை”, “டைம் பாஸ்”, “டெஸ்ட் மெசேஜ்” என்று எழுதுவார்கள். அடுத்த வாரம் அதே எண்ணிலிருந்து “ஹலோ” வரும்போது, வேறொரு தன்னார்வலர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். நாங்கள் அன்று எழுதியது இப்படி: “ஒண்ணுமில்ல என்றார். 11.58க்கு 2. நாளை ஒரு வரி அனுப்ப ‘ம்’ சொன்னார். மறுபடி வந்தால் என்ன வேணும் என்று கேட்க வேண்டாம்.”